என் பத்து மாத சராசரி விதியும் நிஃப்டியும்: ஒரே வரைபடத்தில் ஆறு வருடம்

2018 டிசம்பர் கடைசியில் இரண்டு லட்சம் ரூபாயோடு ஒரு விதியைப் பின்பற்ற ஆரம்பித்தேன். விதி மிக எளிது. ஒவ்வொரு மாதத்தின் கடைசி வர்த்தக நாளில், ஐம்பது பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீடான நிஃப்டி 50 முடிந்த புள்ளியைப் பார்க்க வேண்டும். அந்த மாதத்தையும் சேர்த்துக் கடைசிப் பத்து மாத முடிவுகளின் சராசரியைவிட அது மேலே இருந்தால் பணம் முழுக்க, நிஃப்டியை அப்படியே பின்தொடரும் நிஃப்டி பீஸில் இருக்கும். கீழே இருந்தால் முழுக்க விற்று, வட்டிபோல மெதுவாக வளரும் லிக்விட் ஃபண்டில் போட்டுவிட வேண்டும். நடுவில் எதையும் பார்க்கக் கூடாது. மாதம் ஒரு தடவை பத்து நிமிட வேலை. இதோடு மாதாமாதம் ஐயாயிரம் ரூபாய் சேர்த்துக்கொண்டும் வந்தேன்.

ஆறு வருடம் முடிந்து 2024 டிசம்பர் கடைசியில் கணக்கைத் திறந்தால் ஒன்பதரை லட்சம் பக்கம் இருந்தது. செயலியில் தெரிந்த கோடு இரண்டு லட்சத்தில் கிளம்பி அழகாக மேலே ஏறியிருந்தது. அதே காலத்தில் நிஃப்டி 10,862.55இலிருந்து 23,644.80க்குத்தான் போயிருக்கிறது, அதாவது 2.18 மடங்கு. என் கோடு நாலே முக்கால் மடங்கு. சந்தோஷமாக இருந்தது. ஆனால் மாதம் ஐயாயிரம் வீதம் 72 மாதத்தில் நானே 3.6 லட்சம் உள்ளே போட்டிருக்கிறேன். அந்தக் கோட்டின் ஏற்றத்தில் விதியின் பங்கு எவ்வளவு, என் சம்பளத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் இந்த விதிக்கு ஏதாவது மதிப்பு உண்டா என்று சொல்லவே முடியாது. அதைப் பிரித்துப் பார்த்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சேர்த்த பணத்தைக் கோட்டிலிருந்து எடுப்பது

ஆரம்பத்தில் நான் செய்தது தவறு. இந்த மாதக் கடைசி இருப்பைப் போன மாதக் கடைசி இருப்பால் வகுத்து, வந்த வளர்ச்சியை மாதாமாதம் பெருக்கிக்கொண்டே போனேன். 2019 பிப்ரவரி வரிசையில் 2.8 சதவீதம் என்று நின்றது. அந்த மாதம் முழுக்கப் பணம் லிக்விட் ஃபண்டில் இருந்தது. லிக்விட் ஃபண்ட் ஒரு மாதத்தில் அரை சதவீதத்தை ஒட்டித்தான் தரும். 2.8 எங்கிருந்து வந்தது? நான் போட்ட ஐயாயிரம் வளர்ச்சி என்ற பெயரில் உள்ளே நுழைந்திருக்கிறது. பணம் சும்மா உட்கார்ந்திருந்த மாதங்களை முதலில் பார்ப்பது நல்ல சோதனை. அங்கே பெரிய எண் தெரிந்தால் கணக்கில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம்.

சரியான வழி, மியூச்சுவல் ஃபண்ட் நடத்துவதுபோல யூனிட் கணக்கு வைப்பது. முதல் நாள் இரண்டு லட்சத்தை யூனிட்டுக்கு 100 ரூபாய் என்று 2,000 யூனிட் ஆக்கினேன். 2019 ஜனவரி கடைசியில் இருப்பு 1,99,620. அதை 2,000ஆல் வகுத்தால் யூனிட் மதிப்பு 99.81. மதிப்பு போட்ட பிறகுதான் புதுப் பணம் உள்ளே வரும். 5,000ஐ 99.81ஆல் வகுத்தால் 50.10 யூனிட். மொத்தம் 2,050.10 யூனிட், இருப்பு 2,04,620. பிப்ரவரியில் அது 0.4 சதவீதம் வளர்ந்து 2,05,438 ஆகிறது, 2,050.10ஆல் வகுத்தால் யூனிட் மதிப்பு 100.21. இப்போது கோட்டில் 0.4 சதவீதம் மட்டும்தான் தெரிகிறது. அடுத்த ஐயாயிரம் இதற்கப்புறம்தான் வந்து சேர வேண்டும். முதலில் மதிப்பு, பிறகு பணம் என்ற வரிசை மாறக் கூடாது.

இப்படி 72 மாதமும் போட்டதும் நாலே முக்கால் மடங்கு என்று நின்றது காணாமல் போனது. என் யூனிட் மதிப்பு 100இலிருந்து 202 அருகே வந்து நின்றது. ஆறு வருடத்தில் இரண்டு மடங்கு. இதுதான் விதியின் உண்மையான ஈக்விட்டி கர்வ், அதாவது முதலீட்டின் வளர்ச்சிக் கோடு.

எதோடு ஒப்பிடுவது

அடுத்த கேள்வி நிஃப்டியின் எந்தக் கோட்டை எதிரில் வைப்பது என்பது. செய்தியில் சொல்லும் நிஃப்டி வெறும் விலைக் குறியீடு. ஐம்பது நிறுவனங்கள் தரும் டிவிடெண்ட் அதில் சேராது. டிவிடெண்டைத் திரும்ப முதலீடு செய்ததாகக் கொண்டு போடும் இன்னொரு குறியீடு இருக்கிறது, டி.ஆர்.ஐ. என்பார்கள். மியூச்சுவல் ஃபண்டுகள் தங்கள் செயல்பாட்டை இந்த டி.ஆர்.ஐ.யோடுதான் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று 2018 பிப்ரவரி 1 முதல் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி கட்டாயமாக்கியது. நமக்கும் அதே நியாயம்தான். விலைக் குறியீட்டை எதிரில் வைத்தால் நாம் தோற்ற இடத்திலும் ஜெயித்ததுபோலத் தெரியும்.

வித்தியாசம் சின்னதாகத் தோன்றும், வருடத்துக்கு ஒன்றேகால் சதவீதத்தை ஒட்டித்தான். ஆறு வருடம் சேரும்போது அது 218ஐ 234 பக்கம் கொண்டுபோய்விடும். யாரும் தாங்களே போட்டுச் சரிபார்க்க வசதியாக, இந்தப் பதிவில் ஒரு எளிமை செய்திருக்கிறேன். டிவிடெண்டுக்கு மாதம் 0.1 சதவீதம், லிக்விட் ஃபண்டுக்கு மாதம் 0.4 சதவீதம் என்று ஒரே எண்ணை எல்லா மாதத்துக்கும் வைத்தேன். உண்மையில் லிக்விட் ஃபண்ட் 2019இலும் 2023இலும் இதைவிடக் கொஞ்சம் கூடவும், 2020 நடுவில் குறைவாகவும் தந்தது. முடிவை மாற்றும் அளவு வித்தியாசம் இல்லை. துல்லியமாக வேண்டுமானால் niftyindices.com தளத்தில் டி.ஆர்.ஐ. எண்களையே தேதிவாரியாக இறக்கிக்கொள்ளலாம்.

ஒரு வரிசை நகர்ந்தால்

என் நிஜக் கணக்கோடு சேர்த்து, விதியை மட்டும் தனியாகக் கணினியிலும் ஓட்டிப் பார்த்தேன். நான் எங்காவது விதியை மீறியிருந்தால் இரண்டு கோடும் பிரிந்து காட்டிக்கொடுக்கும். மாதக் கடைசி நிஃப்டி முடிவுகளை ஒரு கோப்பில் வைத்துக்கொண்டால் வேலை இவ்வளவுதான்:

```python
import pandas as pd
c = pd.read_csv("nifty_month.csv", index_col=0,
                parse_dates=True)["close"]
sig = c > c.rolling(10).mean()
pos = sig.shift(1, fill_value=False)
idx = (1 + c.pct_change()) * 1.001 - 1
ret = idx.where(pos, 0.004)
nav   = (1 + ret["2019-01":]).cumprod() * 100
bench = (1 + idx["2019-01":]).cumprod() * 100
ratio = nav / bench * 100
```

கோப்பு 2018 மார்ச்சிலிருந்தாவது தொடங்க வேண்டும், இல்லையென்றால் முதல் பத்து மாத சராசரி கிடைக்காது.

இதில் `shift(1)` என்ற துண்டைக் கவனியுங்கள். ஜனவரி கடைசியில் கிடைக்கும் சமிக்ஞை பிப்ரவரி மாதத்துக்குத்தான் பொருந்தும். ஜனவரி முடிந்த பிறகுதானே சராசரியே தெரிகிறது! முதலில் எக்செல்லில் போட்டபோது இதைத் தவறவிட்டேன். சமிக்ஞை இருக்கும் அதே வரிசையில் உள்ள மாத லாபத்தைப் பெருக்கிவிட்டேன். விதியின் யூனிட் மதிப்பு 364 என்று வந்தது. டிவிடெண்ட் சேர்த்த நிஃப்டி 234. ஆகா என்று இருந்தது. ஒரு வரிசை கீழே நகர்த்தியதும் 364 அப்படியே 205 ஆகிவிட்டது.

ஏன் இவ்வளவு பெரிய வித்தியாசம் என்று ஒரு மாதத்தை மட்டும் பார்த்தால் புரியும். 2020 பிப்ரவரியில் நிஃப்டி 11,962.10இலிருந்து 11,201.75க்கு விழுந்தது. விழுந்து முடிந்த பிறகுதான் சராசரிக்குக் கீழே போனது தெரியும். நகர்த்தாத கணக்கு அந்த ஆறு சதவீத வீழ்ச்சியிலிருந்தும் நான் தப்பித்ததாக எழுதிக்கொள்கிறது. பதினாறு மாதங்களில் இப்படி நடக்கும்போது 364 வருவதில் ஆச்சரியம் இல்லை. யாராவது ஒரு விதியின் கோடு சரிவே இல்லாமல் ஏறுவதாகக் காட்டினால், நான் இப்போது முதலில் தேடுவது இந்த ஒரு வரிசையைத்தான். சரிவு தொடங்கும் அதே மாதத்தில் கோடு தட்டையாகிவிட்டால் சந்தேகம் உறுதி.

நிஜக் கணக்கு 202, கணினிக் கணக்கு 205. இந்த இடைவெளி ஏழு தடவை வாங்கி ஆறு தடவை விற்றதில் போனது. தரகு, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி, மாதக் கடைசியில் பார்த்து மறுநாள் காலை வாங்கும்போது விலை நகர்ந்திருப்பது எல்லாம் சேர்த்து ஒரு தடவைக்குச் சுமார் 0.1 சதவீதம். விதியை நான் மீறவில்லை என்று தெரிந்ததில் ஒரு நிம்மதி. இனி கணினிக் கணக்கையே வைத்துப் பேசுகிறேன்.

விகிதக் கோடு

இரண்டு கோடுகளையும் ஒரே வரைபடத்தில், லாக் அளவுகோலில் போட்டேன். சாதாரண அளவுகோலில் 2024இன் அசைவுகள் மட்டும் பெரிதாகத் தெரிந்து 2019 தரையோடு ஒட்டிக்கிடக்கும். லாக் அளவுகோலில் பத்து சதவீதம் எங்கே இருந்தாலும் ஒரே உயரம்.

அப்படிப் போட்டும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. இரண்டும் மேலே போகின்றன, ஒன்று கொஞ்சம் கீழே. எங்கே பிரிந்தது, ஏன் பிரிந்தது என்று புரியவில்லை. அதனால் கீழே இன்னொரு கட்டம் போட்டு என் யூனிட் மதிப்பை நிஃப்டியின் மதிப்பால் வகுத்து வந்த விகிதத்தை மட்டும் வரைந்தேன். 100க்கு மேலே போனால் விதி முன்னால், கீழே போனால் நிஃப்டி முன்னால்.

```python
import matplotlib.pyplot as plt
fig, (a, b) = plt.subplots(2, 1, sharex=True)
a.plot(nav); a.plot(bench); a.set_yscale("log")
b.plot(ratio); b.axhline(100)
plt.show()
```

இந்தக் கோட்டைப் பார்த்ததும்தான் எனக்கு விஷயம் விளங்கியது. பெரும்பாலான இடத்தில் அது கோல் வைத்து வரைந்ததுபோலத் தட்டையாக இருக்கிறது. காரணம் தெளிவு. நிஃப்டி பீஸில் பணம் இருக்கும் மாதங்களில் நானும் நிஃப்டியும் ஒன்றுதான், விகிதம் அசையாது. நான் வெளியே இருக்கும் மாதங்களில் மட்டும்தான் அசையும். 72 மாதத்தில் 57 மாதம் உள்ளே, 15 மாதம் வெளியே. அந்தப் பதினைந்தும் ஆறு தடவையாக வந்தவை. ஆக, ஆறு வருட அனுபவம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் ஆறே ஆறு முடிவுகள்.

அந்த ஆறையும் சொல்லிவிடுகிறேன். 2019 பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதம் வெளியே இருந்தேன். நிஃப்டி 10,830இலிருந்து 11,623க்கு ஏறிவிட்டது. விகிதம் 100இலிருந்து 93.7க்கு இறங்கியது. அதே வருடம் ஆகஸ்ட், செப்டம்பரில் வெளியே இருந்தபோது செப்டம்பர் 20 அன்று கம்பெனி வரிக் குறைப்பு அறிவிப்பு வந்து சந்தை ஒரே நாளில் துள்ளியது. விகிதம் 91.4. அப்புறம் 2020 மார்ச் முதல் ஜூலை வரை ஐந்து மாதம், அதற்குக் கீழே தனியாக வருகிறேன். 2022 மார்ச் ஒரு மாதம் வெளியே இருந்ததில் 3.6 சதவீதம் நஷ்டம். 2022 மே முதல் ஜூலை வரை மூன்று மாதத்தில் அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் லாபம். 2023 மார்ச், ஏப்ரலில் மறுபடி 3.6 சதவீதம் நஷ்டம். முடிவில் விகிதம் 87.7. நாலு தடவை இழப்பு, இரண்டு தடவை லாபம், அதுவும் சின்ன லாபம்.

2020 மார்ச்

2020 பிப்ரவரி கடைசியில் நிஃப்டி 11,201.75, பத்து மாத சராசரி 11,659. விதிப்படி விற்று வெளியே வந்தேன். மார்ச் 23ஆம் தேதி ஒரே நாளில் நிஃப்டி கிட்டத்தட்ட 13 சதவீதம் விழுந்து 7,610.25இல் முடிந்தது. அன்று நான் லிக்விட் ஃபண்டில் இருந்தேன். அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மார்ச் முடிவில் நிஃப்டி 8,597.75. விகிதக் கோடு ஒரே மாதத்தில் 91.4இலிருந்து 119.4க்குத் தாவியது. அன்று வரைபடத்தை நிறுத்தியிருந்தால் இந்த விதிக்கு ஈடே இல்லை என்று எவரும் ஒப்புக்கொள்வார்கள்.

ஆனால் விற்பது பாதி வேலைதான். திரும்ப வாங்க வேண்டும். ஏப்ரலில் நிஃப்டி 9,859.90, சராசரி இன்னும் 11,134. மே, ஜூனிலும் சராசரிக்குக் கீழேதான். ஜூலை கடைசியில் 11,073.45க்கு வந்தபோதுதான் அது சராசரியைத் தாண்டியது. அதாவது 11,201இல் விற்றேன், 11,073இல் திரும்ப வாங்கினேன். நூற்றாண்டுக்கு ஒருமுறை வரும் தொற்று நோய், சந்தையின் வரலாற்றுச் சரிவு, அதிலிருந்து முழுக்கத் தப்பித்தும் எனக்கு மிஞ்சியது ஒரு சதவீதமும் ஐந்து மாத வட்டியும்தான். விகிதம் 119.4இலிருந்து 93.8க்கு இறங்கிவிட்டது. செயலியின் கோட்டில் இது எதுவுமே தெரியாது. அதில் அந்த ஐந்து மாதம் அமைதியாக மெல்ல ஏறும் கோடு, அவ்வளவுதான்.

இரண்டு புள்ளி

2022 பிப்ரவரி 28 அன்று நிஃப்டி முடிந்தது 16,793.90. பத்து மாத சராசரி 16,796.04. இரண்டு புள்ளி கீழே. விதி விதிதான், மறுநாள் வர்த்தகத்துக்கு விடுமுறை, அதற்கடுத்த நாள் விற்றேன். ஒரு மாதம் கழித்து நிஃப்டி 17,464.75க்கு ஏறிவிட்டதால் நாலு சதவீதம் அதிக விலைக்குத் திரும்ப வாங்கினேன்.

பத்து மாதத்துக்குப் பதில் பதினொரு மாத சராசரி வைத்திருந்தால் அன்று அது 16,599. பன்னிரண்டு மாதம் என்றால் 16,440. இரண்டிலும் விற்றிருக்கவே மாட்டேன். ஒன்பது மாதம் என்றால் 16,931, அப்போதும் விற்றிருப்பேன். பத்து என்ற எண்ணுக்கு எந்தத் தனிப் புனிதமும் இல்லை, நான் ஆரம்பித்தபோது எங்கோ பார்த்து எடுத்துக்கொண்டது. ஆறு முடிவுகளில் ஒன்று இரண்டு புள்ளியில் ஆடுகிறது என்றால், 87.7 என்ற கடைசி எண்ணையும் அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது. அது 84 ஆகவும் இருந்திருக்கலாம், 91 ஆகவும் இருந்திருக்கலாம். அதனால் இப்போதெல்லாம் எட்டிலிருந்து பன்னிரண்டு மாதம் வரை ஐந்து விகிதக் கோடுகளையும் மெலிதாகச் சேர்த்தே வரைகிறேன். ஐந்தும் ஒரே பக்கம் போனால்தான் அதில் விஷயம் இருக்கிறது.

நியாயமான எதிராளி

இதுவரை நான் ஒப்பிட்டது எப்போதும் நூறு சதவீதம் சந்தையில் இருக்கும் நிஃப்டியோடு. விதியோ 79 சதவீத காலம்தான் சந்தையில் இருந்தது. ஏறும் சந்தையில் குறைவாக இருந்தவன் பின்தங்குவது இயல்பு. அது விதியின் குறையா, குறைவாக இருந்ததன் விளைவா என்று பிரிக்க இன்னொரு கோடு வேண்டும். அதே 79 சதவீதத்தை முதல் நாளே நிஃப்டியில் போட்டு, 21 சதவீதத்தை லிக்விட் ஃபண்டில் போட்டு, ஆறு வருடம் தொடாமல் விட்டிருந்தால்? எந்த விதியும் தெரியாத ஒருவரால் செய்யக்கூடியது அது.

கணக்கு எளிது. நிஃப்டிப் பகுதி 79 × 2.339, அதாவது 185. லிக்விட் பகுதி 21 × 1.333, அதாவது 28. மொத்தம் 213. விதி தந்தது 205, செலவு போக 202. ஆக, எப்போது உள்ளே இருப்பது, எப்போது வெளியே இருப்பது என்று தேர்ந்தெடுத்ததால் வருமானத்தில் எனக்கு எதுவும் கூடவில்லை, கொஞ்சம் குறைந்திருக்கிறது.

ஆனால் சரிவு என்ற பக்கத்தையும் பார்க்க வேண்டும். மாதக் கடைசி எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால், 2019 டிசம்பரிலிருந்து 2020 மார்ச்சுக்குள் நிஃப்டி 29 சதவீதம் சரிந்தது. 79-21 கலவை 23 சதவீதம் சரிந்தது. விதியின் மிக மோசமான சரிவு 8 சதவீதம், அதுவும் 2024 செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை வந்தது. இது சும்மா கிடைத்த ஆறுதல் எண் அல்ல. ஊரடங்கு நேரத்தில் சம்பளம் பாதியாகி, வீட்டுக் கடன் தவணை ஓடிக்கொண்டிருந்த எனக்கு, அந்தப் பணத்தைத் தொட வேண்டி வந்திருந்தால் 23க்கும் 8க்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரியது. விதி கொடுத்தது இதைத்தான். அதற்கு நான் கொடுத்த விலை ஆறு வருடத்தில் 213க்கும் 202க்கும் உள்ள இடைவெளி.

வரியையும் இங்கே சொல்ல வேண்டும். தொடாமல் வைத்திருப்பவருக்கு விற்கும் வரை வரி இல்லை. விதி விற்கச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் லாபம் கணக்குக்கு வருகிறது. பன்னிரண்டு மாதத்துக்குள் விற்றால் 15 சதவீதம் இருந்தது, 2024 ஜூலை 23 முதல் 20 சதவீதம். என் குறுகிய கால விற்பனைகளில் பெரும்பாலானவை நஷ்டம் என்பதால் அடி பலமாக விழவில்லை. பெரிய தொகையில், 2022இல் விற்றதுபோல ஐம்பது சதவீத லாபத்தோடு விற்றால், வரி போன பிறகு 202 என்ற எண்ணும் நிற்காது.

2008ஐயும் ஓட்டிப் பார்த்தேன்

ஆறு முடிவுகள் போதவில்லை என்று பின்னால் போய் 2008ஐயும் அதே விதியில் ஓட்டினேன். அங்கே நடந்தது வேறு. 2008 ஜனவரி சரிவில் விதி வெளியே வரவில்லை. மார்ச் 31 அன்று 4,734.50இல்தான் வெளியே வருகிறது. உச்சியிலிருந்து பார்த்தால் ஏற்கெனவே கால் பங்கு போய்விட்ட பிறகு. ஆனால் அதற்கப்புறம் சந்தை மெதுவாக, ஒரு வருடத்துக்கு மேல் இறங்கியும் கிடந்தும் நகர்ந்தது. 2009 ஏப்ரல் 29 அன்று 3,473.95இல் விதி திரும்ப உள்ளே வருகிறது. விற்றதைவிட 27 சதவீதம் குறைவான விலையில். வட்டியைச் சேர்க்காமலேயே விகிதக் கோட்டில் 36 சதவீத ஏற்றம். அதோடு, மே 18 அன்று தேர்தல் முடிவுக்குப் பிறகு நிஃப்டி ஒரே நாளில் 17 சதவீதத்துக்கு மேல் ஏறியபோதும் விதி உள்ளேதான் இருந்தது.

2020ஐயும் 2008ஐயும் பக்கத்தில் வைத்தால் இந்த விதிக்கு எப்போது மதிப்பு உண்டு என்று தெரிகிறது. பத்து மாத சராசரி திரும்புவதற்கு மாதங்கள் ஆகும். சரிவு நீண்டு, மீட்சியும் தாமதமானால் சராசரி கீழே இறங்கி வந்து நம்மைத் தாழ்ந்த விலையில் உள்ளே அனுமதிக்கும். சரிவும் மீட்சியும் சில மாதத்துக்குள் முடிந்துவிட்டால் சராசரி அப்போதும் பழைய உயரத்திலேயே இருக்கும், நாம் விற்ற விலைக்கே திரும்ப வாங்குவோம். இடையில் வரும் சின்னச் சின்ன அசைவுகளில் சில சதவீதமாகக் கசிந்துகொண்டே இருக்கும். நான் பின்பற்றிய ஆறு வருடத்தில் 2008 மாதிரி ஒன்று வரவே இல்லை. கசிவு மட்டும் நடந்தது.

இதை எழுதும்போது ஏழாவது முடிவும் வந்து போய்விட்டது. 2024 டிசம்பர் 31 அன்று 23,644.80, சராசரி 23,945. விற்றேன். பிப்ரவரியில் 22,124.70க்கு இறங்கியபோது விகிதக் கோடு ஏறியது. ஏப்ரல் 30 அன்று 24,334.20இல் சராசரியைத் தாண்டியது, திரும்ப வாங்கினேன். விகிதம் 87.7இலிருந்து 86.2.

பழைய பணத்தை விதியிலேயே விட்டிருக்கிறேன். அது வீட்டுச் செலவுக்கு ஆபத்துக் காலத்தில் தேவைப்படக்கூடிய பணம், அதற்கு 8 சதவீதச் சரிவு என்பது எனக்கு வேண்டியதுதான். மாதம் போடும் ஐயாயிரம் மட்டும் 2025 மே முதல் நேரடியாக ஒரு நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டுக்குப் போகிறது. மாதக் கடைசியில் இப்போதும் அதே பத்து நிமிடம்தான். முதலில் விகிதக் கோட்டில் ஒரு புள்ளி வைத்துவிட்டு அப்புறம்தான் செயலியைத் திறக்கிறேன்.